வரி இல்லை, சரி… கணக்குத் தாக்கல்?



“எனக்கு வருஷ வருமானமே மூன்றரை லட்சம்தான். பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி கிடையாது என்று டி.வி.யில் சொன்னார்களே, அப்புறம் நான் எதற்கு ரிட்டர்ன் போட வேண்டும்?” இந்தப் பருவத்தில் நமக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. கணவரின் குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் கேட்கிறார், மில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய பெண் கேட்கிறார், வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பு நடத்துகிறவரும் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இந்த மாதம் இந்தப் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றரை லட்சம் வருமானம் உள்ளவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அந்த அளவில் அவர் நினைப்பது சரி. ஆனால் அவர் சொல்லும் காரணம் தவறு. அதே காரணத்தைச் சொல்லி ஆறு லட்சம், எட்டு லட்சம் சம்பாதிக்கும் பிள்ளைகளும் சும்மா இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது நேரடியான விதிமீறல்.

காரணம் இதுதான். 2025 பட்ஜெட்டில் அறிவித்த பன்னிரண்டு லட்சம் என்பது வரித் தள்ளுபடிக்கான எல்லை. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது வேறொரு எல்லை. அதற்கு அடிப்படை விலக்கு வரம்பு என்று பெயர். 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறையில் அது 4 லட்சம் ரூபாய். ஒருவருடைய மொத்த வருமானம் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 2 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் வரி உண்டாகிறது. அந்தப் பத்தாயிரத்தைத்தான் தள்ளுபடி என்ற பெயரில் அரசு கழித்துக்கொடுக்கிறது. அந்தக் கழிவு நடக்கிற இடம் ரிட்டர்ன். ரிட்டர்னே போடாதவர் வரி உண்டான நிலையிலேயே, கணக்குக் காட்டாமல் நிற்கிறார். பிறகு தாமதமாகப் போட நேர்ந்தால், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். பங்குச் சந்தை லாபம் போல் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது என்பதையும் பிள்ளைகள் காதில் போட்டு வையுங்கள்.

ஆகவே நாம் பார்க்க வேண்டிய எண் நான்கு லட்சம். பழைய முறையில் வேறு வரம்புகள் உண்டு: 60 வயதுக்குக் கீழே இரண்டரை லட்சம், 60 முதல் 80 வரை 3 லட்சம், அதற்கு மேல் 5 லட்சம். ஆனால் நாமாகக் கேட்டு வாங்கினால் ஒழிய இப்போது எல்லோருக்கும் பொருந்துவது புதிய முறைதான். சின்ன வருமானக்காரருக்குப் பழைய முறையால் பெரும்பாலும் ஆதாயமும் இல்லை. அதனால் அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

அந்த நான்கு லட்சத்துக்குள் எது எது சேரும் என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சம்பளமோ சொந்த ஓய்வூதியமோ வாங்குகிறவர் அதில் 75,000 ரூபாயை நிலைக்கழிவாகக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மாதம் 39,000 ரூபாய் சம்பளம் என்றால் வருஷத்துக்கு 4,68,000. அதில் 75,000 போனால் 3,93,000. வேறு வருமானம் இல்லையென்றால் அவர் வரம்புக்குள்ளேயே இருக்கிறார். கணவர் இறந்தபின் வருகிற குடும்ப ஓய்வூதியத்துக்கு இந்த 75,000 கிடையாது. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் கழியும். வாடகை வந்தால், வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்கலாம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் உங்கள் வருமானம் அல்ல. அதை வங்கியில் போட்டு வைத்து வட்டி வந்தால், அந்த வட்டி வருமானம்.

விவசாய வருமானம் இந்தக் கணக்கில் சேராது. நெல்லும் கரும்பும் தென்னையும் மட்டுமே வருமானம் என்றால் எவ்வளவு வந்தாலும் அதற்காகத் தாக்கல் செய்யும் கட்டாயம் இல்லை. ஆனால் கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுவதும் கோழிப் பண்ணையும் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் விவசாயம் அல்ல, அவை வியாபாரம். கிராமத்து வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மனை விற்றவர்களும்தான். 2004இல் இரண்டு லட்சத்துக்கு வாங்கிய மனையைப் பதினான்கு லட்சத்துக்கு விற்று, அந்தப் பணம் முழுவதையும் வீடு கட்டுவதில் போட்டுவிட்டால் வரி கட்ட வேண்டியதில்லாமல் போகலாம். ஆனால் தாக்கல் செய்ய வேண்டுமா என்று பார்க்கும்போது, அந்த விலக்கைக் கழிப்பதற்கு முன் உள்ள லாபத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். லாபம் 12 லட்சம், வரம்பு 4 லட்சம். எனவே அந்த ஆண்டு அவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

இத்தனையும் பார்த்து நான்கு லட்சத்துக்குள் வந்துவிட்டாலும் இன்னும் ஒரு வாசல் பாக்கி இருக்கிறது. வருமானம் குறைவு, ஆனால் செலவோ பண நடமாட்டமோ பெரிது என்றால் கணக்குக் காட்டச் சொல்கிறது சட்டம். அந்தப் பட்டியலில் கோடி ரூபாய் வரை போகும் தொகைகளும் இருக்கின்றன, அவை நம்மில் பலருக்குத் தேவைப்படாது. தேவைப்படக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். ஒரு வருஷத்தில் மின் கட்டணமாக ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தால் தாக்கல் கட்டாயம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 17,000 ரூபாய் பில் வந்தாலே ஆண்டுக்கு 1,02,000 ஆகிவிடும். சின்னத் தறிப்பட்டறையும் மாவு மில்லும் இதைச் சுலபமாகத் தாண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு, தனக்கோ பிறருக்கோ இரண்டு லட்சத்துக்கு மேல் செலவழித்தவரும் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகள் டிக்கெட் எடுத்து அனுப்பினால் அது அவள் செலவு. பேரனைப் பார்க்கப் போகும் தாத்தா தன் சேமிப்பிலிருந்து தனக்கும் பாட்டிக்குமாக இரண்டே கால் லட்சம் கொடுத்து டிக்கெட் எடுத்தால், அந்த ஆண்டு அவருக்குத் தாக்கல் கட்டாயம். அடுத்து, உங்கள் பேரில் பிடித்த டி.டி.எஸ்.ஸும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து 25,000 ரூபாயை எட்டினால், 60 வயதானவர்களுக்கு 50,000 ரூபாயை எட்டினால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்த எதிலும் சிக்காதவருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. அப்படிப்பட்டவர் ஏன் தாக்கல் செய்ய வேண்டும் என்பதற்கு, நமக்குக் கடிதம் எழுதிய ஒரு அம்மாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

அவருக்கு வயது 67. அரசு ஊழியராக இருந்த கணவர் இறந்தபின் மாதம் 22,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கணவர் விட்டுப்போன 18 லட்சத்தை ஒரே வங்கியில் 7 சதவீத வட்டிக்கு நிரந்தர வைப்பில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை எடுத்துக்கொள்கிறார். ஓய்வூதியம் ஆண்டுக்கு 2,64,000. அதில் 25,000 கழித்தால் 2,39,000. வட்டி 1,26,000. இரண்டும் சேர்ந்து 3,65,000. நான்கு லட்சத்துக்குள் இருக்கிறது. அவருக்கு வரியும் இல்லை, தாக்கல் செய்யும் கட்டாயமும் இல்லை.

ஆனால் வங்கிக்கு அவருடைய மொத்த வருமானம் தெரியாது, தான் கொடுக்கும் வட்டி மட்டும்தான் தெரியும். மூத்த குடிமக்களுக்கு ஓர் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் (மற்றவர்களுக்கு ஐம்பதாயிரம்) வங்கி 10 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டியாக வேண்டும். அப்படி அந்த அம்மாவின் வட்டியில் 12,600 ரூபாய் போய்விட்டது. வங்கியில் போய்க் கேட்டிருக்கிறார். “நாங்கள் கவர்ன்மென்டுக்குக் கட்டிவிட்டோம் அம்மா, இனி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். அந்தப் பணம் இப்போது வருமான வரித் துறையில், அந்த அம்மாவின் பான் எண்ணுக்குக் கீழே வரவாகியிருக்கிறது. அதைத் திரும்ப வாங்க மனுக் கொடுக்கும் வழியோ நேரில் போய்க் கேட்கும் வழியோ கிடையாது. ரிட்டர்ன் போடுவதுதான் அந்த மனு. மூன்றரை மாத வாடகையோ, ஓர் ஆண்டு மாத்திரைச் செலவோ ஆகக்கூடிய அந்தத் தொகையை “நமக்குத்தான் கட்டாயம் இல்லையே” என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். இதைப் படித்துவிட்டு அவர்களில் சிலராவது இந்த வருஷம் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எப்படிப் போடுவது? மார்ச்சில் முடிந்த காலாண்டுக்குப் பிடித்த டி.டி.எஸ். கணக்கை வங்கி மே 31க்குள்தான் துறைக்கு அனுப்பும். ஆகவே ஏப்ரலிலேயே அவசரப்பட்டுத் தாக்கல் செய்தால் கடைசிக் காலாண்டுப் பணம் கணக்கில் தெரியாமல் போகலாம். ஜூன் பாதிக்கு மேல் வங்கியிடம் 16ஏ சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். incometax.gov.in தளத்தில் உங்கள் பான் எண்ணால் நுழைந்து 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்தால், எந்த வங்கி எவ்வளவு பிடித்துக் கட்டியது என்று வரிவரியாக இருக்கும். சான்றிதழிலும் அங்கேயும் 12,600 என்றே இருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கி பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கலாம். அதை வங்கியிடம் சொல்லித் திருத்திய பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

அந்த அம்மாவுக்கு உரிய படிவம் ஐ.டி.ஆர்.-1. குடும்ப ஓய்வூதியமும் வட்டியும் ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் வரும். எதற்காகத் தாக்கல் செய்கிறீர்கள் என்று தொடக்கத்திலேயே தளம் கேட்கும். வருமானம் வரம்பைத் தாண்டியது, மின் கட்டணம் போன்ற காரணம், `Others` என்று மூன்று பதில்கள் இருக்கும். கட்டாயம் இல்லாமல் ரீஃபண்டுக்காகப் போடுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டியது மூன்றாவது. தாக்கல் செய்து முடித்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தாக்கல் செய்யாததற்குச் சமம். பணம் வரவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்களிடம் விசாரித்தால், பல நேரம் இந்தக் கடைசி ஓ.டி.பி.தான் விட்டுப்போயிருக்கும்.

ரீஃபண்டு தடைபடுவதற்கு இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்த்து எழுதியிருப்பார்கள். வங்கிப் புத்தகத்தில் ஒற்றை எழுத்தாக இருக்கும். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். ரீஃபண்டு வர வேண்டிய வங்கிக் கணக்கை முன்கூட்டியே அந்தத் தளத்தில் சரிபார்த்து வைக்க வேண்டும். பெயர் பொருந்தவில்லையென்றால் அந்தச் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். தாக்கல் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள். பெயர் ஒத்துப்போகும் வேறொரு வங்கிக் கணக்கு இருந்தால் அதைக் கொடுக்கலாம். இல்லையென்றால் பான் அட்டையில் உள்ளபடி வங்கியில் பெயரைத் திருத்திக்கொள்ள வேண்டும். பானும் ஆதாரும் இணைக்கப்படாமல் பான் முடங்கிக் கிடந்தாலும் பணம் வராது.

பிரவுசிங் சென்டரிலோ தெரிந்த ஏஜென்டிடமோ போடக் கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தளத்தில் பதிவு செய்யும்போது உங்கள் செல் நம்பரையும் உங்கள் வீட்டு மின்னஞ்சலையும் கொடுங்கள். வேலை சுலபம் என்று பல இடங்களில் அவர்கள் நம்பரையே கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் துறையிலிருந்து ஒரு கேள்வி வந்தால் அது அவர்களுக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த கடிதம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. நூற்பாலையில் மூன்று வருஷம் எட்டு மாதம் வேலை பார்த்த பெண். கல்யாணம் நிச்சயமாகி, செப்டம்பர் மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். பி.எஃப். பணம் 1,10,000 ரூபாய் வர வேண்டும், கையில் வந்தது 99,000. “கம்பெனி ஏமாற்றிவிட்டதா?” என்று கேட்டிருந்தார். இல்லை. ஐந்து வருஷம் முடிவதற்குள் பி.எஃப். பணத்தை எடுத்தால், தொகை ஐம்பதாயிரத்தை எட்டும்போது 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம். அவருடைய மாதச் சம்பளம் 14,000. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்துக்கு 84,000. பி.எஃப். தொகை முழுவதையும் வருமானமாக எடுத்துக்கொண்டாலும் (அவர் தன் சம்பளத்திலிருந்து கட்டிய பங்கு உண்மையில் அதில் சேராது) மொத்தம் 1,94,000 தான். நான்கு லட்சத்தில் பாதிகூட இல்லை. பிடித்த 11,000 ரூபாயும் அவருக்கே உரியது. கல்யாணச் செலவு நெருக்கும் வீட்டில் பதினோராயிரம் என்பது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரிட்டர்ன் போட்டால் அது திரும்பி வரும். பி.எஃப்.புக்கு விண்ணப்பிக்கும்போதே ‘எனக்கு வரி வராது’ என்ற 15ஜி உறுதிமொழியைச் சேர்த்திருந்தால் பிடித்தமே நடந்திருக்காது. வேறு மில்லுக்கு மாறுகிறவர்கள் பணத்தை எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் கணக்கில் சேரும், ஐந்து வருஷக் கணக்கு அறுந்துபோகாது.

இந்த இரண்டு பேருக்கும் ஐ.டி.ஆர்.-1க்கான கெடு ஜூலை 31. தாக்கல் செய்யும் கட்டாயமே இல்லாதவர் அதைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை, டிசம்பர் 31 வரை போடலாம். டிசம்பர் 31ஐத் தாண்டினால்தான் சிக்கல். அதற்குப் பிறகு போடக்கூடிய ‘புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன்’ என்ற ஒன்று இருக்கிறது. நான்கு வருஷம் வரை போடலாம் என்று விளம்பரம் செய்வார்கள். அது விட்டுப்போன வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்டுவதற்கானது, அதில் ரீஃபண்டு கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கும்படி துறையின் அதிகாரிக்குத் தனி விண்ணப்பம் போடும் வழி உண்டு. ஆனால் அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும், அது அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் நடக்கும்.

டி.டி.எஸ்.ஸே பிடிக்காதவர்? தையல்காரம்மா கேட்டது அதைத்தான். அவருக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வருகிறது. நூல், லைனிங், கரன்ட், உதவிக்கு வரும் பெண்ணின் கூலி எல்லாம் போக 2,28,000 நிற்கிறது. யாரும் எதையும் பிடிக்கவில்லை, திரும்பி வர ஒரு ரூபாயும் இல்லை.

அவருக்கு ரிட்டர்ன் ஒரு சாட்சியம். சம்பளச் சீட்டு இல்லாதவர் தன் வருமானத்தைச் சொல்லிக்கொள்ள இதைவிட வலுவான காகிதம் கிடையாது. வங்கியில் கடன் கேட்டால் இரண்டு மூன்று வருஷ ரிட்டர்ன் கேட்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்குக் கல்விக் கடன் என்றாலும், விசாவுக்கு விண்ணப்பித்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். இதையெல்லாம்விடப் பெரியதாக எனக்குத் தோன்றுவது சாலை விபத்து. குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர் விபத்தில் இறந்தால், அவர் என்ன சம்பாதித்தார் என்பதை வைத்துத்தான் தீர்ப்பாயம் இழப்பீட்டைக் கணக்கிடும். ஆதாரம் இல்லையென்றால் நீதிமன்றம் தானாக ஒரு தொகையை ஊகிக்க வேண்டியிருக்கிறது, அது உண்மை வருமானத்துக்குக் கீழே நின்றுவிடக்கூடும். வருமான வரிக் கணக்கு சட்டப்படியான ஆவணம், வருமானத்தைத் தீர்மானிக்க அதை நம்பலாம் என்று 2019இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்துக்குப் பிறகு அவசரமாகப் போட்ட ரிட்டர்னை எதிர்த்தரப்பு விட்டுவைக்காது. அது முன்கூட்டியே, வருஷா வருஷம் போட்டதாக இருக்க வேண்டும்.

இங்கே ஏஜென்டுகள் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். சின்ன வியாபாரிகள் விரிவான கணக்கு எழுதாமல், வரவில் 8 சதவீதத்தை (வங்கி வழியாக வந்த வரவுக்கு 6 சதவீதத்தை) லாபமாகக் காட்ட ஒரு சலுகை முறை உண்டு. ஐ.டி.ஆர்.-4 படிவத்தில் வரும். ஏஜென்டு வழக்கம்போல் 8 சதவீதம் போட்டால், தையல்காரம்மாவின் ஆண்டு வருமானம் 24,800 ரூபாய் என்று ரிட்டர்னில் பதிவாகும். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம்! அதை எடுத்துக்கொண்டு எந்த வங்கிக்குப் போவது? அந்த எட்டு சதவீதம் குறைந்தபட்சம்தான். உண்மையில் அதற்கு மேல் சம்பாதித்தால் அதைத்தான் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2,28,000 காட்டினாலும் அவருக்கு வரி ஒன்றும் வராது. அதேபோல், “எப்படியும் வரி வராது, எட்டு லட்சம் என்று போட்டுத் தருகிறேன், லோன் சுலபமாகக் கிடைக்கும்” என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சம்பாதிக்காத பணத்தைச் சம்பாதித்ததாகக் கையெழுத்துப் போடுவது பொய் அறிக்கை. பின்னால் ஜி.எஸ்.டி.யிலோ வங்கியிலோ வரவு எங்கே என்று கேட்டால் அந்த ஏஜென்டு வந்து பதில் சொல்ல மாட்டார்.

தையல்காரம்மாவின் இரண்டாவது கேள்வியில் பயம் இருந்தது. “ரிட்டர்ன் போட்டால் மகளிர் உரிமைத்தொகை நின்றுவிடும் என்கிறார்களே?” மாதம் ஆயிரம் ரூபாய் அந்த வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் தகுதி விதிப்படி குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தகுதியில்லாதவர்கள் பட்டியலில் வருமான வரி கட்டுகிறவர்களும், இரண்டரை லட்சத்துக்கு மேல் வருமானம் ஈட்டிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2,28,000 ரூபாயைக் காட்டி, வரி கட்டாமல், கணக்கு மட்டும் தாக்கல் செய்கிறவர் அந்தப் பட்டியலுக்குள் வரமாட்டார். ஆனால் விதி குடும்ப வருமானத்தைப் பார்க்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். கணவருடைய வருமானமும் சேர்ந்தால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறாக நிராகரித்துவிட்டால் முப்பது நாட்களுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அப்போது அந்த ரிட்டர்ன் நகலையே ஆதாரமாகச் சேர்க்கலாம். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டத்தில், முந்தைய ஆண்டில் வருமான வரி கட்டியவர்களுக்குத்தான் தகுதி இல்லை. பூஜ்ய வரியோடு கணக்குக் காட்டியவருக்கு அந்தத் தடை இல்லை. அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் 2022 அக்டோபரிலிருந்து சேர முடியாதவர்கள் வருமான வரி செலுத்த வேண்டியவர்கள்தான்.

இவ்வளவு படித்துவிட்டு, “எனக்கு டி.டி.எஸ். இல்லை, கடன் வாங்கப் போவதில்லை, வயது எழுபத்தைந்து, ஓய்வூதியம் மட்டும்தான், அதுவும் வரம்புக்குள்தான்” என்று ஒருவர் சொன்னால், அவர் போட வேண்டாம். அந்த வயதில் ஓ.டி.பி.க்காகப் பிறரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. துறையிலிருந்து ‘கணக்குத் தாக்கல் செய்யவில்லையே’ என்று குறுஞ்செய்தி வந்தால் பதற வேண்டாம். வருமானம் வரம்புக்குள் என்று தளத்திலேயே பதில் சொல்ல இடம் இருக்கிறது.

கடைசியாக, குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. இந்த ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நீங்கள் இப்போது காட்டப்போகும் 2025-26 ஆண்டுக் கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆனால் இந்த ஆண்டு வட்டியில் மறுபடியும் பிடித்துவிடாமல் இருக்க, 15எச் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் மூத்த குடிமக்கள் உறுதிமொழியை உடனே வங்கியில் கொடுங்கள். படிவத்தின் எண் மாறியிருந்தாலும் ‘வட்டிக்கு டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழி’ என்று கேட்டால் கவுன்டரில் எடுத்துத் தருவார்கள். கொடுத்ததற்கு ரசீதோ முத்திரை போட்ட நகலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், ஒவ்வோர் ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். முதல் வட்டி வருவதற்குள் கொடுத்துவிட்டால் ஒரு ரூபாயும் பிடிக்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்